'ஊது' என்ற ஒரு சொல்: மேல்வயிற்று அறுவைக்குப் பின் தரும் மூச்சுப் பயிற்சித் தாள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 56. சரக்கு வண்டி ஓட்டுபவர். 30 வருடமாகப் பீடி. சிறுகுடலின் தொடக்கத்தில் இருந்த புண் ஓட்டையாகி, நடு இரவில் கொண்டுவரப்பட்டார். நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை வயிற்றைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை எங்கள் மருத்துவமனை வழக்கப்படி மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் கருவி ஒன்றையும், அதோடு ஒரு பக்க அறிவுரைத் தாளையும் அவருடைய மகளிடம் கொடுத்தார்கள். அந்தத் தாளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று மாலை கேஸ் ஷீட்டில் இப்படி எழுதியிருந்தது: "ஸ்பைரோமீட்டர் செய்கிறார். 3 பந்து." இரண்டாம் நாள் காலை ஆக்சிஜன் இல்லாமல் பார்த்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மானியில் 90 சதவீதம் காட்டியது. நிமிடத்துக்கு 26 மூச்சு. காய்ச்சல் 100.4. வலது பக்கம் கீழ்முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் காற்றுச் சத்தம் ஏறக்குறைய இல்லை. எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலே ஏறியிருந்தது, அதற்கு மேல் கிடைக்கோடுகளாக நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடந்தது. "மூணு பந்தையும் தூக்குறார், அப்புறம் எப்படி இப்படி ஆகும்?" என்று அறுவை மருத்துவர் என்னைக் கேட்டார்.

நான் போனபோது அவர் தலைமாட்டை ஏற்றிவைத்த கட்டிலில் பாதி சறுக்கி, இடுப்பு மடிந்து, தாடை நெஞ்சில் படும்படி கிடந்தார். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப். "ஐயா, அந்தப் பந்து மெஷினைச் செஞ்சு காட்டுங்க" என்றேன். மகள் அதை எடுத்து, தலைகீழாகத் திருப்பி அப்பா கையில் கொடுத்தார். அவர் குழாயை வாயில் வைத்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஓங்கி ஊதினார். மூன்று பந்தும் டக்கென்று மேலே போய் விழுந்தன. வலியில் அவர் முகம் சுருங்கியது.

"முதல்ல நேரா வெச்சுத்தான் ஊதினேன் தாயி. மூச்சு முட்ட ஊதுனாலும் ஒரு பந்துகூட எந்திரிக்கலை. பக்கத்துக் கட்டில்ல இருந்தவருதான் கவுத்து வெச்சு ஊதச் சொன்னாரு. அப்புறம் நல்லா எந்திரிச்சுது" என்றார்.

நேராக வைத்து ஊதினால் பந்து எழாது. கருவியின் அமைப்பு அப்படி: குழாய் வழியாக நாம் காற்றை இழுக்கும்போது, ஒவ்வொரு அறைக்கும் அடியிலிருந்து வெளிக்காற்று புகுந்து பந்தைத் தூக்குகிறது. ஊதினால் காற்று எதிர்த்திசையில் போய்ப் பந்தைக் கீழே அழுத்தும். தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் ஊதும் காற்று பந்தைத் தூக்கும். ஆக, அவர் ஒரு நாள் முழுவதும் தேவைப்பட்ட பயிற்சிக்கு நேர் எதிரானதைச் செய்திருக்கிறார், அதுவும் ஒழுங்காக, மணிக்கு ஒரு தடவை.

நேர் எதிர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேல்வயிற்றைத் திறந்த பிறகு நுரையீரலுக்கு வரும் சிக்கலே காற்று உள்ளே போதாமல் இருப்பதுதான். கத்தி பட்ட இடம் உதரவிதானத்துக்குப் பக்கத்தில். அந்தத் தசைக்குப் போகும் நரம்புத் தூண்டுதலை உடல் தானாகவே குறைத்துவிடுகிறது. இது வலியினால் மட்டும் வருவதல்ல, வலியை நன்றாக அடக்கினாலும் முழுதாகத் திரும்பாது. முதல் இரண்டு நாள்களில் ஒருவர் ஆழ்ந்து இழுத்து விடக்கூடிய காற்று அவருடைய வழக்கமான அளவில் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். மீள ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சாதாரணமாக நாம் அறியாமலே மணிக்குப் பல தடவை ஒரு பெருமூச்சு விடுகிறோம். மூடிக்கொண்ட காற்றறைகளை அந்தப் பெருமூச்சுதான் திறந்து வைக்கிறது. வலியும் வலிமருந்தும் சேர்ந்தால் பெருமூச்சு நின்றுபோகும். சின்னச் சின்ன மூச்சாகவே ஓடும். படுத்தபடி இருந்தால் அடிப்பகுதிக் காற்றறைகள் மூடி ஒட்டிக்கொள்ளும், சளி அங்கேயே தேங்கும். இந்த நிலையில் ஒருவர் பலம்கொண்ட மட்டும் ஊதினால் நுரையீரலில் மிச்சமிருந்த காற்றும் வெளியே போய், திறந்திருந்த சிறு குழாய்களும் மூடிக்கொள்ளும்.

ஊதச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அறுவைக்குப் பின் தண்ணீர் பாட்டிலில் ஊதச் சொல்வதும், பலூன் ஊதச் சொல்வதும் பல நாடுகளில் இருந்த முறை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் பார்ட்லெட்டும் அவருடைய குழுவினரும், வேண்டியது ஊதுவது அல்ல, கொட்டாவி போல நீண்ட ஒரு உள்மூச்சுதான் என்று வாதிட்டு, அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய உதவும் கருவியைக் கொண்டுவந்தார்கள். இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர் அப்படிப் பிறந்தது. ஊதும் பழக்கத்தை மாற்ற வந்த கருவிக்கு எங்கள் வார்டில் 'ஊதுற மெஷின்' என்றே பெயர். நர்ஸ்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மருந்துக் கடைக்காரரும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார், ரவுண்ட்ஸில் நானே "ஊதினீங்களா?" என்று கேட்டிருக்கிறேன்.

தாள் என்ன சொன்னது? அதை அன்றே மறுபடி எடுத்துப் படித்தேன். "குழாயை உதடுகளால் இறுக மூடி, ஆழமாக மூச்சை உள்ளிழுக்கவும். பந்துகள் மேலெழுவதை உறுதி செய்யவும். மூச்சை அடக்கவும். மெதுவாக வெளியேற்றவும். ஒரு மணிக்கு 10 முறை." பிழை எதுவும் இல்லை. ஆனால் நோயாளிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. கண்ணாடி வீட்டில். மகள் படித்துவிட்டு, தன் வார்த்தையில் "அப்பா, இதை வாயில வெச்சு நல்லா மூச்சு விடணுமாம், பந்து மேல போகணுமாம்" என்று சொல்லியிருக்கிறார். தமிழில் 'மூச்சு விடுவது' என்றால் சுவாசிப்பது. 'மூச்சு விட முடியலை' என்றால் சுவாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஆனால் அதையே செய்து காட்டச் சொன்னால் யாரும் வெளியேதான் விடுவார்கள். தாளில் இருந்த 'உள்ளிழுக்கவும்' என்ற சொல் யார் வாயிலும் வராத சொல். வாய்க்கு வந்தபடி மாறும்போது திசையே மாறிவிட்டது. பிறகு 'பந்துகள் மேலெழ வேண்டும்' என்ற ஒரே வரி மட்டும் மனதில் நின்றது. அதை எப்படியாவது நிறைவேற்ற ஒரு வழி கிடைத்ததும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அன்று காலை நாங்கள் செய்தது இதுதான். முதலில் வலி. இருமச் சொன்னால் பத்துக்கு எட்டு என்றார். அந்த நிலையில் எந்தப் பயிற்சியும் நடக்காது. வலிமருந்து நேரத்தை முன்னே நகர்த்தி, பாராசிட்டமால் டிரிப்பும் டிராமடாலும் போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அதற்குள் அவரைக் கட்டிலை விட்டு இறக்கிக் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்ததுமே விரல் மானி 90-லிருந்து 92-க்கு வந்தது. குடல் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம்.

கருவியை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய இரண்டு விலாவின் அடியிலும் கையை வைத்து, "மூச்சை உள்ளே இழுங்க" என்றேன். வயிற்றை உள்ளே இழுத்தார். தோள் மேலே ஏறியது, விலா அசையவில்லை. இதுவும் சொல்லால் வரும் தவறு, அடிக்கடி பார்ப்பதுதான். 'உள்ளே இழு' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வயிறு. சரி என்று மாற்றிச் சொன்னேன்: "மல்லிகைப்பூவைக் கையில வெச்சு மோந்து பார்க்கிற மாதிரி, மெதுவா, நீளமா."

"ஒரு மூக்குல டியூப் கெடக்கே தாயி."

"இன்னொண்ணு போதும்யா."

இந்தத் தடவை என் கைக்கடியில் விலா லேசாக விரிந்தது, வயிறு முன்னால் வந்தது. "இப்ப என் கையைத் தள்ளினீங்கல்ல, அதுதான் வேணும்" என்றேன். அதே மூச்சை வாய் வழியாக, குழாயில்லாமல் இரண்டு தடவை. பிறகுதான் கருவி. நேராக, கண் மட்டத்தில். சாய்த்துப் பிடித்தால் பந்து சரிவில் சுலபமாக ஏறிவிடும், அதனால் மகளை எதிரில் நின்று பிடிக்கச் சொன்னேன். முதல் பந்து மேலே போய் ஒரு நொடி ஆடி நின்றது. விழுந்தது. அவர் முகம் வாடிவிட்டது. "நேத்து மூணு போச்சே" என்றார்.

இங்கேதான் எங்கள் தாளின் இரண்டாவது குறை தெரிந்தது. எத்தனை பந்து என்று கேட்கிறோம், எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை. இந்தக் கருவி காற்றின் வேகத்தைக் காட்டுகிறது, அளவைக் காட்டவில்லை. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அந்தப் பந்தைத் தூக்க நொடிக்கு அத்தனை மில்லி காற்று வேண்டும் என்று பொருள். ஒருவர் வெடுக்கென்று அரை நொடி இழுத்து மூன்று பந்தையும் தூக்கினால், 1200-இல் பாதி, அதாவது 600 மில்லிதான் உள்ளே போயிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் போகும் சுமார் 500 மில்லியை விட அது பெரிதாக அதிகமில்லை. இன்னொருவர் ஒரே பந்தை மூன்று நொடி மேலேயே நிறுத்தினால் 600-ஐ மூன்றால் பெருக்கி 1800 மில்லி. மூன்று பந்துக்காரரை விட ஒரு பந்துக்காரரின் நுரையீரல் மூன்று மடங்கு விரிந்திருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் காற்று ஏற்கெனவே திறந்திருக்கும் மேல்பகுதிக்கே ஓடும் என்பது இன்னொரு விஷயம். மெதுவாக இழுத்தால்தான் அடியில் மூடியிருப்பதற்குத் திறக்க நேரம் கிடைக்கும்.

இதை அவரிடம் இப்படிச் சொன்னேன்: "வண்டியை ஃபர்ஸ்ட் கியர்லயே ஏத்தத்துல ஏத்துங்க. ஒரு பந்து போதும். அது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு உங்க பொண்ணு எண்ணட்டும்." அவருக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. ஐந்து மூச்சு செய்தார், ஒவ்வொன்றுக்கும் நடுவே குழாயை எடுத்துவிட்டுச் சாதாரணமாக இரண்டு மூன்று மூச்சு. நடுவில் ஓய்வு விடாமல் அடுக்கடுக்காகச் செய்தால் தலை சுற்றும், உதட்டைச் சுற்றி மதமதப்பாகும்.

பிறகு சளி. இரும அவர் பயந்தார், தையல் பிரிந்துவிடும் என்று. போர்வையை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ளச் சொன்னேன். நேராக இருமவிடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஆவி படிய விடுவோமே, அதுபோல வாயைத் திறந்து இரண்டு 'ஹா', மூன்றாவதாக ஓர் இருமல். காலையில் ஒன்றும் வரவில்லை. மாலை நான்கு மணிச் சுற்றில், 'ஹா' சத்தத்தோடு கரகரப்பு கேட்டது. அடுத்த இருமலில் பழுப்பு நிறத்தில் கட்டியாக ஒரு சளி வந்தது, புளியங்கொட்டை அளவு. கீழ்முதுகில் வைத்துக் கேட்டபோது காற்று போகும் சத்தம் மெலிதாகத் திரும்பியிருந்தது.

அன்றே வார்டுக்குள் ஒரு தடவை நடந்தார். மூன்றாம் நாள் மாலை ஆக்சிஜன் கொடுப்பது நிறுத்தப்பட்டது, விரல் மானி 94. நான்காம் நாள் ஒரு பந்து மூன்று நொடி நின்றது. ஆறாம் நாள் ஐந்து நொடி. எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் முதல் இரண்டு நாள் காய்ச்சல் என்றாலே 'நுரையீரல் சுருங்கியிருக்கும், பந்து பயிற்சி செய்யுங்க' என்று விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டுக்கும் அப்படி நேரான தொடர்பு உறுதியாகவில்லை. இவருக்கு வயிற்றுக்குள் சீழ் சேருகிறதா, காயம் எப்படி என்று மருத்துவர்கள் தனியாகப் பார்த்தார்கள். நல்ல வேளையாக அங்கே ஒன்றும் இல்லை.

அவர் தேறியது கருவியாலா? அப்படிச் சொல்ல என்னால் முடியாது. வலிமருந்து நேரம், நாற்காலி, நடை, இருமல், மூச்சு எல்லாமே ஒரே காலையில் மாறின. மேல்வயிற்று அறுவைக்குப் பின் இந்தக் கருவி நுரையீரல் சிக்கலைத் தடுப்பதாகக் காட்டும் சான்று கிடைக்கவில்லை என்றே 2014-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. இருந்த ஆய்வுகளின் தரமும் குறைவுதான் என்று சேர்த்தே சொன்னது. அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2011 வழிகாட்டுதலும் இதைத் தனியாக நம்ப வேண்டாம், ஆழ்ந்த மூச்சு, இருமல், சீக்கிரம் நடப்பது, வலி அடக்கம் இவற்றோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்கிறது. நான் கருவியை விடாததற்குக் காரணம், எங்கள் வார்டில் ஒரு நோயாளியின் பக்கத்தில் மணிக்கு ஒரு தடவை நிற்க ஆள் கிடையாது. பந்து இருந்தால் கூட இருப்பவருக்குப் பார்க்கவும் எண்ணவும் ஒன்று கிடைக்கிறது. கருவி வாங்க முடியாதவர்களிடம், பூ மோப்பதுபோன்ற மூச்சே போதும் என்று தயங்காமல் சொல்கிறேன்.

தாளைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்று மருத்துவமனைகளில், திட்டமிட்ட மேல்வயிற்று அறுவைக்கு வந்த 441 பேரிடம் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கையேடு. பாதிப் பேருக்கு மட்டும் அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஏன் மூச்சுப் பயிற்சி, எப்படிச் செய்வது என்று சொல்லிச் செய்ய வைத்தார். கருவி எதுவும் தரவில்லை. கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது, சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 12 சதவீதம். தாள் தனியாக எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் திட்டமிட்ட அறுவைகளுக்கு எங்கள் தாளை மயக்க மருத்துவர் பார்க்கும் நாளுக்கே நகர்த்தினோம். அன்று வயிற்றில் வலி இல்லை, மூக்கில் டியூப் இல்லை, கண்ணாடியும் கூடவே இருக்கும். இவரைப்போல அவசரமாக வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்கு முதல் நாள் காலையில் வலிமருந்துக்குப் பிறகு நேரில் சொல்லிக் கொடுப்பதுதான் வழி.

தாளையும் மாற்றி எழுதினோம். இப்போது அது இப்படி இருக்கிறது, பெரிய எழுத்தில்:

"இது ஊதும் கருவி அல்ல. இழுக்கும் கருவி. ஊத வேண்டாம். கவிழ்த்து வைக்க வேண்டாம்.

வலி மருந்து போட்டு அரை மணி நேரம் ஆகட்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முடியாவிட்டால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். பல்செட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவியை முகத்துக்கு நேராக, சாயாமல் பிடியுங்கள். முதலில் மூச்சைச் சாதாரணமாக வெளியே விடுங்கள். குழாயை உதட்டால் இறுக்கிப் பிடியுங்கள். மூக்கால் இழுக்காமல், வாயால் மெதுவாக, நீளமாக இழுங்கள். வயிறு முன்னால் வர வேண்டும். ஒரு பந்து மேலே போய் நின்றால் போதும். கூட இருப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும்.

பந்து விழுந்த பிறகும் நெஞ்சை நிறைந்தபடியே மூன்று எண்ணும் வரை வைத்திருங்கள், முக்க வேண்டாம். குழாயை எடுத்துவிட்டு மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று மூச்சு சும்மா இருங்கள். தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுங்கள்.

இப்படிப் பத்துத் தடவை. பத்தையும் சேர்த்துச் செய்ய முடியாவிட்டால் ஐந்து, பிறகு ஐந்து. பிறகு போர்வையைக் காயத்தின் மேல் அணைத்து, இரண்டு 'ஹா', ஓர் இருமல். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. செய்ததும் கீழே கட்டத்தில் டிக் போடுங்கள். தூக்கத்தைக் கலைக்க வேண்டாம்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் ரத்தம் வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காயத்திலிருந்து திடீரென்று நீர் கொட்டினால் பயிற்சியை நிறுத்தி உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்."

'முக்க வேண்டாம்' என்ற இரண்டு சொல் முதல் வடிவத்தில் இல்லை. பித்தப்பை அறுவைக்கு வந்த ஓர் அம்மாவிடம் அவர் மகன் தாளைப் படித்துக் காட்டினார். 'மூச்சைப் பிடித்து வையுங்கள்' என்ற வரி வந்ததும் அந்த அம்மா கன்னத்தை உப்பி, முகம் சிவக்க முக்கினார். அப்படிச் செய்தால் காயத்தின் மேல்தான் அழுத்தம் போகும். 'பிடித்து' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நிறைந்தபடியே வைத்திருங்கள்' என்று மாற்றினோம். 'இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல' என்று ஒரு வரியும் இருந்தது. திசை சரியாக வந்தது, ஆனால் சிலர் கன்னத்தைக் குழித்து வாயால் மட்டும் உறிஞ்சினார்கள். பந்து துள்ளியது, நெஞ்சு அசையவில்லை. அதையும் எடுத்துவிட்டோம்.

கேஸ் ஷீட்டில் 'எத்தனை பந்து' என்ற கட்டம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று கேள்வி: கருவி நிமிர்ந்து இருந்ததா, ஒரு பந்து எத்தனை நொடி நின்றது, செய்து காட்டியதை யார் பார்த்தது. மூன்றாவதற்கு ஒரு பெயர் எழுத வேண்டும். கூட இருப்பவர் சொல்லக் கேட்டு எழுதக் கூடாது என்று நர்ஸ்களிடம் சொல்லியிருக்கிறோம். 'ஊதினீங்களா' என்று கேட்பதை நிறுத்த எனக்கே சில வாரம் பிடித்தது. இப்போது ரவுண்ட்ஸில் "இழுத்துக் காட்டுங்க" என்றுதான் கேட்கிறேன், அவர் இழுத்து முடிக்கும் வரை நிற்கிறேன்.